மேசைக்குப் போற அந்த ஒரு பக்கம்

தீசிஸ் முடிச்சாச்சு, சரி. எக்சிகியூட்டிவ் சம்மரின்னு அதிகாரிக்கு அப்ஸ்ட்ராக்டையே நீட்டி அனுப்பிடாதேடி. அப்ஸ்ட்ராக்ட் உன் கைடுக்கு எழுதினது, நீ என்ன செஞ்சேன்னு சொல்லும். அதிகாரி தேடுறது, தான் என்ன செய்யணும்ங்கிறதை.

முதல்ல படிக்கப்போறது யாருன்னு முடிவு பண்ணு. தமிழ்நாட்டுல 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துல பெண்களுக்குக் கட்டணமில்லையே, உன் ஆய்வு அதைப் பத்தினதுன்னு வச்சுக்குவோம். சென்னைப் புறநகர்ல வீட்டு வேலைக்குப் போற 60 பேர்கிட்ட பேசியிருக்கே. விடியக்காலையில வர்றது பெரும்பாலும் டீலக்ஸ் வண்டிதான், அதனால பலர் காசு கொடுத்துப் போறாங்கன்னு தெரிஞ்சுது. எந்த வண்டி எத்தனை மணிக்குன்னு தீர்மானிக்கிறது மாநகரப் போக்குவரத்துக் கழகம். அப்போ சம்மரி அவங்களுக்கு. நிதித்துறைக்குன்னா முதல் வரியே வேற, அங்க செலவுதான் கேள்வி.

அந்த முதல் வரி இப்படி இருக்கலாம்: "இந்த இரண்டு வழித்தடங்களில் காலை 5 முதல் 7 மணி வரை ஓடும் டீலக்ஸ் வண்டிகளில் சிலவற்றை மூன்று மாதச் சோதனையாகச் சாதாரணக் கட்டண வண்டிகளாக மாற்றலாம்." காரணம் அதுக்குக் கீழே வரட்டும். கோட்பாடு, முந்தைய ஆய்வுகள் எல்லாம் தீசிஸ்லயே இருக்கட்டும். ஆய்வு முறைக்கு ரெண்டு வரி தாராளம்.

நிறைய பேர் சறுக்குறது எண்கள்லதான். உன் கணக்குல ஆட்ஸ் ரேஷியோ 2.1-ன்னு வந்திருக்கும். உடனே "இலவசப் பயணம் இரண்டு மடங்கு" எழுதிடாதே, அது தப்பு. காலையில சாதாரண வண்டி குறைவா வர்ற நிறுத்தத்துல 10 பேர்ல 4 பேர் இலவசமாப் போறாங்கன்னா, போறவங்களுக்கும் போகாதவங்களுக்கும் உள்ள விகிதம் 4-க்கு 6. அதை 2.1-ஆல பெருக்கினா 1.4. திருப்பி ஆளாக்கினா, அந்த வண்டி நிறைய வர்ற இடத்துல 10 பேர்ல கிட்டத்தட்ட 6 பேர். நாலு ஆறாகுது, எட்டாகல. "10 பேரில் 4 பேர், 6 பேர்"னு எழுது, யாருக்கும் புரியும்.

இன்னொரு பொறி டிக்கெட் எண்ணிக்கை. அது பயணத்தை எண்ணும், ஆளை எண்ணாது. போய்த் திரும்புற ஒருத்தி ரெண்டு டிக்கெட். அதை "பயனடைந்த பெண்கள்"னு எழுதினா, விவரம் தெரிஞ்ச அதிகாரி அந்த இடத்துலயே காகிதத்தை ஓரங்கட்டிடுவார்.

குறைகளைக் கடைசிப் பத்தியில ஒளிச்சு வைக்காதே. 60 பேர், ரெண்டு பகுதி மட்டும்னு அந்த எண்ணுக்குப் பக்கத்துலயே சொல்லு. அதனாலதான் ஊர் முழுக்க மாத்தச் சொல்லாம, ரெண்டு தடத்துல மூணு மாசம் சோதிக்கச் சொல்றேன்னும் சேர்த்துக்கோ. டிக்கெட் வருமானம் எவ்வளவு குறையும்னு ஒரு வரி வேணும். அது இல்லாம எந்த யோசனையும் நகராது.

எழுதினதும் இந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர்கிட்ட கொடு. ரெண்டு நிமிஷத்துல காகிதத்தைத் திருப்பி வாங்கிட்டு, "யாரு என்ன செய்யணும்?"னு கேளு. "இலவசப் பேருந்து நல்ல திட்டம்"னு பதில் வந்தா, முதல் பத்தியைத் திரும்ப எழுது.