சக்கரத்தின் உட்புறம்

ஆனி மாதத்து அதிகாலை. மைசூரு ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய முதியவர், உதகையில் நண்பரின் மகள் திருமணத்தைக் கண்டு அன்றிரவே திரும்ப எண்ணியிருந்தார். மசினகுடி வழியாகக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, கூடலூர் வழியே இறங்கி, இரவு 9 மணிக்குப் பந்திப்பூர்ப் பாதை அடைபடுமுன் கடந்துவிடுவதாகத் திட்டம்.

வாடகைக் கார் முதலாளிக்குச் சொந்தமானது. ஓட்டுநர் அன்று காலைதான் அதன் சாவியைப் பெற்றிருந்தார். பெட்டியை ஏற்றியபின், ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்துவிட்டு இறங்கினார். முன்சக்கரத்தருகே குனிந்து, டயரின் உள்விளிம்பைத் தடவினார். விரலில் முள்போல் ஏதோ தைத்தது. மறுபக்கச் சக்கரத்திலும் உள்விளிம்பு வழுவழுப்பாக இருந்தது.

"ஐயா, இந்த வண்டி மலைக்கு வராது."

"டயரில் வரிகள் நன்றாகத்தானே தெரிகின்றன?"

"வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. வரிப்பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் தெரிகின்றன, பாருங்கள். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேற்பரப்பு தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். உட்பக்கத்திலோ அந்த மேடுகளும் தேய்ந்து கம்பி வெளிவந்துவிட்டது. எங்கோ குழியில் விழுந்து சக்கரத்தின் கோணம் பிசகியிருக்கும்."

"மாற்றுச் சக்கரம் இருக்குமே?"

"ஒன்றுதான் இருக்கிறது. தேய்ந்தவை இரண்டு. குண்டலுப்பேட்டை வரை சமதரை, ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் பாரமெல்லாம் முன்சக்கரங்களில் வந்து அழுத்தும். மழை வேறு. தண்ணீரை வெளியேற்ற வரி வேண்டாமா?"

முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தார். இன்று ஒரு நாள் போய்வந்துவிடும்படி அவர் கூறியது முதியவரின் காதிலும் விழுந்தது. ஓட்டுநர் குரலை உயர்த்தவில்லை. "மாட்டேன், ஐயா," என்றார். கூலி போகும் என்பது அவருக்குத் தெரியும். சற்று நேர மௌனத்துக்குப் பின் முதலாளி இசைந்தார்.

டயர்க்கடை ஒன்பது மணிக்குத்தான் திறந்தது. முகூர்த்தம் தவறிப்போயிற்று, முதியவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. கழற்றிய டயரைக் கடைக்காரர் புரட்டிக் காட்டினார். உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு எஃகுக் கம்பிகள் பிரிந்து நின்றன.

"ஏறியிருக்கலாம். இறங்கியிருப்பீர்களா என்பது சந்தேகம்," என்றார் அவர்.

முதியவர் அதன்பின் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு புதிய டயர்களைப் பூட்டியதும், சக்கரக் கோணத்தையும் சரிசெய்யச் சொன்னார் ஓட்டுநர். இல்லையேல் புதியவையும் சில மாதங்களில் அதே இடத்தில் தேய்ந்துவிடும்.

புறப்படும் நேரத்தில் அவர் கடைக்குள் திரும்பிச் சென்று, கத்தி வாங்கி, பழைய டயர்களின் பக்கச் சுவரைக் கிழித்துப் போட்டார்.

"இது எதற்கு?" என்றார் முதியவர்.

"மேலே புதிதாக வரி வெட்டி யாருக்காவது விற்றுவிடுவார்கள், ஐயா," என்று கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.