ஒரு சொட்டு, ஐந்து நிமிடம்

நம்பிக்கை: ஒரு சொட்டு எந்த மூலைக்கு? இரண்டு மூன்று விட்டால்தான் கண் மருந்து நன்றாகப் பிடிக்கும்.

உண்மை: பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கீழ் இமையை இழுத்தால் தெரியும் சிறு பையில் அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர்தான் நிற்கும். முதல் சொட்டிலேயே பை நிரம்பிவிடுவதால் மிச்சம் கன்னத்தில்தான் வழியும். கை நடுங்கிச் சொட்டு இமைக்கு வெளியே விழுந்தால் மட்டும் மறுபடி விடுங்கள்.

நம்பிக்கை: இரண்டு மருந்து எழுதியிருந்தால் அடுத்தடுத்து விட்டுவிடலாம்.

உண்மை: நிறைய வீடுகளில் மருந்து வீணாவது இங்கேதான். இரண்டாவது சொட்டு, கண்ணுக்குள் இறங்க நேரமில்லாத முதல் மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும், தானும் நீர்த்துப்போகும். குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி வேண்டும்.

கண் நீர் அழுத்த நோய்க்கு டிமோலால், பிரின்சோலமைடு இரண்டும் எழுதப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்குக் கையை சோப்பு போட்டுக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படாமல் டிமோலால் ஒரு சொட்டு விடுகிறார். 8.05-க்குப் பிரின்சோலமைடு. இது கலங்கலான மருந்து, துகள்கள் அடியில் தங்கியிருக்கும். அதனால் முதலில் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். களிம்பும் இருந்தால் கடைசியாக, இன்னும் பத்து நிமிடம் கழித்துப் போடலாம். களிம்பை முதலில் போட்டால் அதன் எண்ணெய்ப் படலம் சொட்டு மருந்தை உள்ளே விடாது.

நம்பிக்கை: விட்டவுடன் கண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தால் மருந்து எங்கும் பரவும்.

உண்மை: இமை ஒவ்வொரு முறை கொட்டும்போதும் கண்ணில் உள்ள நீரைக் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் தள்ளுகிறது. சற்று நேரத்தில் தொண்டையில் கசந்தால் மருந்து அங்கே இறங்கிவிட்டது என்று பொருள். கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இறுக்கி மூடினால் மருந்து வெளியே பிதுங்கிவிடும்.

இப்படி அழுத்துவது டிமோலால் விடுபவர்களுக்கு மிக முக்கியம். மூக்குச் சவ்வு வழியாக அது நேரே ரத்தத்தில் கலந்து நாடித் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிறைப்பைக் கிளப்பும். கண்ணில்தானே விடுகிறோம் என்று பலர் தங்களுக்கு உள்ள நோயைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால், சீட்டு எழுதும் முன்பே கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.