கணனியின் மின்வழங்கியை நாமே சோதித்துப் பார்ப்போம்

இடத்துக்கு இடம் தூக்கிச் செல்லப்பட்டு, தகரக் கொட்டில்களில் தூசியும் எறும்பும் சேர்ந்த நிலையில் பழைய கணனிகள் பல எமது சனசமூக நிலையங்களை வந்தடைகின்றன. அவற்றில் ஒன்று இயங்க மறுத்தால் "உள்ளே இருக்கும் தாய்ப்பலகை போய்விட்டது" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். தாய்ப்பலகைக்குச் செலவு அதிகம். ஆனால் பல வேளைகளில் பழுதாகியிருப்பது அதற்கு மின்சாரம் கொடுக்கும் மின்வழங்கி மாத்திரமே. அதைத் தனியாகக் கழற்றி மாற்றிவிடலாம். எனவே பணத்தைச் செலவிடுமுன் ஒரு சாதாரண பல்மானியைக் கொண்டு மின்வழங்கியைச் சோதிக்கும் முறையை இப்பாடத்தில் படிப்போம்.

ஒட்டுச்சிட்டை சொல்வது என்ன?

மின்வழங்கி என்பது கணனிப் பெட்டியின் பின்புறத்தில், மின்விசிறியோடு காணப்படும் உலோகப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை அது சிறிய அளவான நேரோட்டமாக மாற்றித் தருகின்றது. அதன் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள சிட்டையில் +3.3V, +5V, +12V, -12V, +5VSB என்று எழுதப்பட்டிருக்கும். இவை ஒரே தொட்டியிலிருந்து பிரியும் வாய்க்கால்களைப் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் வயர் உண்டு. செம்மஞ்சள் 3.3 வோல்ற்று, சிவப்பு 5, மஞ்சள் 12, நீலம் மறை 12. ஊதா நிற வயரே +5VSB. கணனி நிறுத்தப்பட்டிருந்தாலும், சுவர் ஆளி போட்டிருக்கும்வரை இதில் 5 வோல்ற்று இருந்துகொண்டே இருக்கும். கறுப்பு வயர்கள் யாவும் பொதுவானவை.

ஒவ்வொரு வோல்ற்றின் கீழும் A என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். அந்த வாய்க்கால் ஆகக்கூடியது எத்தனை அம்பியர் கொடுக்கும் என்பதே அதன் பொருள். வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் உவாற்று வரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சிட்டையில் பெரிய எழுத்தில் 450W என்று இருக்கின்றது. +12V இன் கீழ் 17A. ஆகவே அதில் கிடைப்பது 12 × 17 = 204 உவாற்று. +3.3V, +5V இரண்டும் சேர்ந்து 180 உவாற்றுக்கு மேற்படக்கூடாது என்று கீழே ஒரு வரி. மற்ற இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 20 உவாற்று. எல்லாவற்றையும் கூட்டினாலும் 404 தான் வருகின்றது. பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பிவிடாது +12V வரியைப் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். இன்றைய கணனியின் மூளையும் வன்தட்டைச் சுழற்றும் மோட்டாரும் அதிலிருந்தே வலுவைப் பெறுகின்றன.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

மின்வழங்கியின் பெட்டியை ஒருபோதும் திறக்க வேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அது உயிரைப் பறிக்கும். நாம் சோதிப்பது வெளியே வரும் வயர்களை மாத்திரமே.

சில பழைய மின்வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிறிய சிவப்பு ஆளி இருக்கும். எமது நாட்டில் அது 230 இல் இருக்க வேண்டும். 115 இல் வைத்து மின் கொடுத்தால் மின்வழங்கி வெடித்துப் பழுதாகும். அடுத்து, அதே சுவர்ச் செருகியில் ஒரு மேசை விளக்கைப் போட்டு மின் வருகின்றதா என்று பாருங்கள்.

சோதிக்கும் முறை

முதலில் மின்னை நிறுத்திச் செருகியைக் கழற்றுங்கள். பின்பு தாய்ப்பலகைக்கும் வன்தட்டுக்கும் செல்லும் இணைப்புகளைக் கழற்றி, மின்வழங்கியை உலர்ந்த மரமேசையில் வையுங்கள். பல்மானியை நேரோட்டம் 20 வோல்ற்றில் வையுங்கள். கறுப்புக் கம்பி COM என்ற துளையிலும், சிவப்புக் கம்பி V என்ற துளையிலும் இருக்க வேண்டும். 10A என்ற துளையில் சிவப்புக் கம்பியை வைத்து வோல்ற்று அளந்தால் குறுஞ்சுற்று ஏற்படும்.

இப்போது மின் கொடுத்து, பெரிய இணைப்பியில் ஊதா வயரையும் ஒரு கறுப்பு வயரையும் தொடுங்கள். 4.75 க்கும் 5.25 க்கும் இடையில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் மின்வழங்கி செத்துவிட்டது. சோதனை அத்துடன் முடிந்தது.

காட்டினால் மின்னை மீண்டும் நிறுத்துங்கள். வளைத்த சிறு கம்பியொன்றால் பச்சை வயரின் துளையையும் பக்கத்திலுள்ள கறுப்பு வயரின் துளையையும் இணைத்துவிட்டு மின் கொடுங்கள். விசிறி சுழலும். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, செம்மஞ்சளில் 3.14 முதல் 3.46 வரை இருந்தால் நல்லது. எல்லா வயர்களும் கறுப்பாக உள்ள புதிய மின்வழங்கிகளிலும், தங்களுக்கென்று வேறு இணைப்பி வைத்திருக்கும் சில கம்பனிக் கணனிகளிலும் நிறத்தை வைத்து இதைச் செய்ய முடியாது. அவற்றைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

சுமை ஏற்றிப் பார்த்தல்

உழவு இயந்திரத்தின் பழைய பற்றரியை நினைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ற்றுக்கு மேல் காட்டும். ஸ்ராட் பண்ணும்போதோ விழுந்துவிடும். மின்வழங்கியும் அப்படித்தான். கடைகளில் விற்கும் சிறிய சோதனைப் பெட்டியின் விளக்குகள் எல்லாம் எரிந்தாலும் அது நல்லது என்று முடிவு செய்ய முடியாது.

கணனி ஒன்று தொடங்கி, சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் தனியாக அளந்தபோது மஞ்சள் வயரில் 12.1 காட்டியது. எல்லா இணைப்புகளையும் திரும்பப் பூட்டி, மீதமாகத் தொங்கும் நான்கு துளை இணைப்பியின் மஞ்சளிலும் கறுப்பிலும் கம்பிகளை வைத்துக் கணனியை இயக்குகின்றோம். தொடங்கும்போது 11.7. வேலை கூடும்போது 11.2. பின்பு கணனி நிற்கின்றது. 11.4 க்குக் கீழே விழுந்ததால் முதலில் மாற்ற வேண்டியது மின்வழங்கியே. வாங்கும்போது இணைப்பிகள் பொருந்துகின்றனவா என்றும், +12V இன் கீழுள்ள அம்பியர் பழையதைவிடக் குறையாமல் இருக்கின்றதா என்றும் சிட்டையைப் பாருங்கள்.

சுமையோடும் எல்லா அளவுகளும் சரியாக இருந்தால், பழுது பெரும்பாலும் வேறிடத்தில்தான். ஆயினும் மிக விரைவான ஏற்ற இறக்கத்தைப் பல்மானி காட்டாது. ஆகையால் தாய்ப்பலகை வாங்குமுன் நன்றாக இயங்கும் வேறொரு கணனியின் மின்வழங்கியைப் பூட்டிப் பாருங்கள். அதிலும் அதே குறை இருந்தால் மாத்திரம் கடைக்காரர் சொன்னதை ஏற்கலாம்.

குழுவாகச் செய்து பார்க்க

1. உங்கள் நிலையத்திலுள்ள கணனியின் சிட்டையைப் பார்த்து, +12V வரியில் எத்தனை உவாற்று என்று கணக்கிடுங்கள்.

2. நன்றாக இயங்கும் கணனியில் மஞ்சள், சிவப்பு வயர்களை அளந்து, திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னொரு நாள் பழுது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.