ஏற்றுமதி ஆவணங்களின் மொழிபெயர்ப்பு: ஒரு மஞ்சள் சரக்கின் கணக்கு

மகாராஷ்டிரத்திலுள்ள சாங்லியிலிருந்து சிறு ஏற்றுமதியாளர் ஒருவர், உலர்ந்த விரலி மஞ்சளை நவசேவா துறைமுகம் வழியாகப் பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்திற்கு அனுப்புவதாகக் கொள்வோம். சரக்கு, 25 கிலோ நிகர எடையுள்ள 250 மூட்டைகள். ஆங்கிலத்தில் அமைந்த விலைப்பட்டியலையும் சிப்பப் பட்டியலையும் பிரெஞ்சு மொழியில் பெயர்த்துத் தருமாறு வாங்குபவர் கேட்கிறார்.

முதல் இடர் பொருளின் பெயரிலேயே உள்ளது. பிரெஞ்சில் மஞ்சளுக்குக் ‘குர்குமா’ என்பதே நேரான சொல். ஆனால் ‘இந்தியக் குங்குமப்பூ’ எனப் பொருள்படும் ‘சஃப்ரான் தேஸேந்த்’ என்ற வழக்குப் பெயரும் அகராதிகளில் காணப்படும். மொழிபெயர்ப்பாளர் இதனை எடுத்தாண்டால், சுங்க அலுவலர் கண்ணில் படுவது குங்குமப்பூவின் பெயராகும். மஞ்சளின் விலையோ குங்குமப்பூவின் விலையில் மிகச் சிறு பகுதியே. எனவே மதிப்பைக் குறைத்துக் காட்டியதாக ஐயம் எழும். சரக்கு துறைமுகத்திலேயே தங்கிவிடக்கூடும்.

இங்கே துணைநிற்பது குறியீட்டெண். இந்தியச் சுங்க அட்டவணையில் உலர்ந்த மஞ்சள் 09103020. மஞ்சள் தூள் 09103030. முதல் ஆறு இலக்கங்களான 091030, இரு நாடுகளுக்கும் பொதுவானவை. குங்குமப்பூவுக்கு உரியது 091020. பெயர்த்து முடித்தபின் சொல்லைக் குறியீட்டெண்ணின் விளக்கத்தோடு ஒப்பிட்டால் பிழை உடனே புலப்படும். ஆறு இலக்கங்களுக்குப் பின்வருபவை எங்கும் பொதுவானவை அல்ல என்பதால், இந்திய எண்ணின் இறுதி இலக்கங்களைப் பிரெஞ்சு எண்ணாகக் கருதி மாற்றுவதும், யூகித்து நிரப்புவதும் கூடாது. உள்ளது உள்ளபடியே எழுதி, அது இந்தியக் குறியீடு என்று குறிப்பிடுவதே முறை.

அடுத்து, எடை. மொத்த நிகர எடை ஆங்கிலப் பட்டியலில் 6,250.000 கிலோ என்றிருக்கும். பிரெஞ்சு வழக்கில் காற்புள்ளியே தசமக் குறி. ஆயிரங்களைப் பிரிப்பது இடைவெளி. ஆகவே அங்கே 6 250,000 என்று எழுத வேண்டும். 6,250 என்றே விட்டால் ஆறேகால் கிலோ என்று பொருள்படும்! இதைக் கண்டறிய எளிய வழியுண்டு: மூட்டை எண்ணிக்கையை ஒரு மூட்டையின் எடையால் பெருக்கி, மொத்தத்தோடு பொருந்துகிறதா எனப் பார்ப்பது. கொள்கலன் எண்ணையும் முத்திரை எண்ணையும் பெயர்க்க வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து படியெடுத்தால் போதும்.

வங்கிக் கடனுறுதிக் கடிதத்தின் வழியே பணம் வருமானால் மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. 2007 முதல் நடப்பிலுள்ள பன்னாட்டு வங்கி விதிகளின்படி, விலைப்பட்டியலிலுள்ள பொருள் விவரம் கடிதத்திலுள்ளதோடு ஒத்திருத்தல் வேண்டும். மற்ற ஆவணங்களில் முரணில்லாத பொதுப்பெயர் போதும். கடிதம் ஆங்கிலத்திலிருப்பின், விலைப்பட்டியலில் அந்த ஆங்கில வாசகத்தை அப்படியே நிறுத்தி, பிரெஞ்சுப் பெயர்ப்பை அதன் கீழே தனி வரியாகச் சேர்ப்பர்.