கிரியாட்டினின் உயர்ந்தால் சிறுநீரகம் பழுதா?

ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் 28 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடற்பயிற்சிக்காக நாள்தோறும் 5 கிராம் கிரியேட்டின் பொடி உட்கொள்கிறார். பரிசோதனையில் இரத்தக் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 1.5 மி.கி. எனக் காண்கிறது. அதன்படி கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 65; இவ்வயதுக்கு இது குறைவே. குடும்பத்தார் அஞ்சுகின்றனர்.

கிரியேட்டின் சிதைந்தே கிரியாட்டினின் ஆகிறது. ஆகவே சிறுநீரகம் நலமாக இருந்தும், பொடி உண்பவர்க்கு அவ்வளவு உயரலாம். இந்த ஐயத்தைத் தீர்க்க சிஸ்டாட்டின்-சி என்னும் இரத்தப் பரிசோதனையை நாம் நாடுகிறோம். அது உடலின் உட்கரு கொண்ட உயிரணுக்கள் யாவும் சுரக்கும் சிறு புரதம், கிரியேட்டினிலிருந்து உண்டாவதன்று.

இவருக்கு அது லிட்டருக்கு 0.8 மி.கி. எனில் திறன் ஏறத்தாழ 119. வடிகட்டுதல் இயல்பாகவே உள்ளது. 1.4 எனில் திறன் 57 அளவே. அப்போது பொடியின்மேல் பழிபோட்டு இருந்துவிடலாகாது.

தைராய்டுக் கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, புகைபிடித்தல், உடற்பருமன் ஆகியன சிஸ்டாட்டின் அளவையும் மாற்றக்கூடும். எனவே சிறுநீரில் அல்புமின் உள்ளதா என்பதையும் உடன் சோதிக்கிறோம். இரத்தம் கொடுக்குமுன், உண்ணும் பொடியையும் மருந்துகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.