வட்டி கோரும் கடிதத்தைத் திருத்தி எழுதுதல்

பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்பிவிட்டுக் கிரயத்திற்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் அங்கத்தினர்கள் நம்மில் பலர். துணிப்பை தைத்து விற்கும் ஒருவர் எழுதிய கடிதம் வருமாறு:

"மூன்று மாதம் எங்களை அலைய விட்டீர்கள். இது நியாயமா? 24 சதவிகித வட்டி உடனே வராவிடில் கோர்ட்டில் சந்திப்போம்."

இதில் கோபம் உண்டு, தேதியில்லை, தொகையில்லை. 24 சதவிகிதம் எங்கிருந்து வந்தது என்று கம்பெனியின் கணக்கர் கேட்டால் விடையுமில்லை.

2006-ஆம் வருஷத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை கண்டிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் அது செல்லாது. எழுத்து மூலமான ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாட்களே. சரக்கு சேர்ந்த 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிடில், சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகும். கெடு கடந்தால், ரிசர்வ் பாங்கியின் பாங்க் ரேட்டைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் முதலுடன் சேர்த்துக் கணக்கிடப்படும். இவ்வுரிமை குறு, சிறு தொழில்களுக்கு உரியது; நடுத்தரத் தொழிலுக்கு இல்லை. சரக்கு அனுப்புமுன்பே உத்யம் பதிவு பெற்றிருந்தால் தகராறுக்கு இடமிராது.

மேற்படி அங்கத்தினரின் பைகள் 2024 மார்ச்சு 1-ல் சேர்ந்தன, ஆட்சேபம் வரவில்லை. ஆர்டரில் கண்ட தவணை 60 நாள். ஆயினும் கெடு ஏப்ரல் 15-லேயே முடிந்தது. கிரயம் ரூ. 2,00,000 வந்தது ஜூலை 15-ல். அப்பொழுது பாங்க் ரேட் 6.75, மும்மடங்கு 20.25, மாதத்திற்கு 1.6875 சதவிகிதம். முதல் மாத வட்டி ரூ. 3,375. அதை முதலுடன் சேர்க்க, இரண்டாம் மாதம் ரூ. 3,432, மூன்றாம் மாதம் ரூ. 3,490. ஆக ரூ. 10,297.

திருத்திய கடிதம்:

"ஐயா, தங்கள் ஆர்டரின்படி அனுப்பிய பைகள் 1-3-2024-ல் தங்களிடம் சேர்ந்தன. கிரயம் ரூ. 2,00,000 15-7-2024-ல் வரப்பெற்றோம், வந்தனம். சட்டப்படி கெடு 15-4-2024. தாமதமான மூன்று மாதத்திற்கு 2006-ஆம் வருஷத்திய சட்டத்தின் 16-வது பிரிவுப்படி சேரவேண்டிய வட்டி ரூ. 10,297, கணக்கு இத்துடன் இணைத்துள்ளோம். எங்கள் உத்யம் பதிவு எண் கீழே கண்டுள்ளது. 15 நாட்களுக்குள் இத்தொகையை அனுப்பக் கோருகிறோம். கணக்கில் பிழையிருப்பின் தெரிவியுங்கள், உடனே சரிபார்ப்போம். தவறினால் வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்ய நேரிடும்."

பயமுறுத்தல் இதில் இல்லை. ஆனால் மறுப்பதற்கு இடமும் குறைவு. "60 நாள் என்று நீரே ஒப்புக்கொண்டீர்" என்பதே வழக்கமான பதில். அதற்கு 15-வது பிரிவைக் காட்டினால் போதும். தரம் குறைவென்று இப்பொழுது சொன்னால், 15 நாட்களுக்குள் எழுதிய ஆட்சேபத்தின் நகலைக் கேட்கவும்.

கிரயம் பெறும்போது "முழுப் பாக்கியும் தீர்ந்தது" என்று அச்சிட்ட ரசீதில் கையெழுத்திடுவது ஆபத்து. "கிரயம் மட்டும் பெற்றேன், வட்டி பாக்கி" என்று கைப்பட எழுதிக் கையொப்பமிட்டு, நகலொன்றை வைத்துக்கொள்ளவும். மன்றத்தில் மனுச் செய்யும்போது ஆர்டர், சரக்கு சேர்ந்த சீட்டு, பில் ஆகியவற்றுடன் இதையும் சேர்க்க வேண்டும்.