ஹோட்டல் பில்லைப் பிரிக்கும் தம்பிக்கு



கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள், கைபேசியில் படமெடுத்த ஹோட்டல் பில்லைப் பார்த்ததும் அடியிலிருக்கும் மொத்தத்தைத்தான் தேடுவார்கள். பிறகு எல்லா இரவுகளின் வாடகையையும் கூட்டி ஒரே வரிசையில் எழுதுவார்கள். ஜிஎஸ்டி முழுவதும் இன்னொரு கட்டத்துக்குப் போகும். கணக்கு பிசகுவது அங்கேதான்.

அறை வாடகைக்கான ஜிஎஸ்டி ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. வார இறுதியில் வாடகையை ஏற்றும் ஹோட்டலில் ஒரே பில்லில் இரண்டு விகிதமும் வந்துவிடும்.

பெங்களூரில் மூன்று இரவு தங்கிய ஓர் அதிகாரி பில்லை அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள். வியாழனும் வெள்ளியும் 7,000 வீதம், சனிக்கிழமை 8,000. முதல் இரண்டு இரவுகளுக்கும் தலா சிஜிஎஸ்டி 175, எஸ்ஜிஎஸ்டி 175. சனிக்கு 720, 720. வாடகையைக் கூட்டி 22,000-க்கு 5 சதவீதம் போட்டால் 1,100 வரும். பில்லிலோ 2,140 இருக்கும். அதனால் இரவுக்கு ஒரு வரிசை. அதில் தேதி, வாடகை, உணவு, சேவைக் கட்டணம், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, மொத்தம் என்று பத்திகள்.

சேவைக் கட்டணத்தை வரிப் பத்தியில் சேர்க்கக் கூடாது. அது ஹோட்டலுக்குப் போகும் பணம், அரசுக்கு அல்ல. ஆனால் அதன்மேலும் ஜிஎஸ்டி உண்டு. இதே பில்லில் உணவு 1,000, சேவைக் கட்டணம் 100 என்றால், 18 சதவீதம் வாங்கும் அந்த ஹோட்டல் உணவகத்தில் வரி 1,100-க்குத்தான்: 99, 99. தங்கல் பில்லில் இது ‘ரெஸ்டாரன்ட் 1,298’ என்று ஒற்றை வரியாக மட்டும் நிற்கக்கூடும். அப்போது உணவக பில்லின் படத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

படத்தில் நிழல் விழுந்தால், தெர்மல் தாள் மங்கியிருந்தால், 8,000 என்பது 6,000 போலத் தெரியும். வரியே அதைக் காட்டிக்கொடுக்கும். 720-ஐ 9 சதவீதத்தால் வகுத்தால் 8,000 கிடைக்கிறது. 6,000 என்றால் வரி 150 ஆகத்தான் இருந்திருக்கும். சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் எப்போதும் சமம். சமமில்லையென்றால் இரண்டில் ஒன்று தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

வரி சேர்ந்த தொகை மட்டும் தெரிகிறதா? 7,500-க்கு 5 சதவீதம் சேர்த்தால் 7,875. அதைத் தாண்டிய வாடகைக்கு 18 சேர்த்தால் 8,850-க்கு மேல்தான் வரும். இடைப்பட்ட தொகை ஏதாவது வந்தால், அதில் வேறு கட்டணம் கலந்திருக்கிறது அல்லது எண் தவறு.

கடைசியில் பத்திகளைக் கூட்டு: வாடகை 22,000, உணவு 1,000, சேவை 100, வரி 2,338, ஆக 25,438. முன்பணம் இதில் சேராது. அது செலுத்திய தொகை. பில்லின் மொத்தத்தோடு ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் ரவுண்ட் ஆஃப். அதற்கு மேல் போனால் எந்த எண்ணையும் நீயாகத் திருத்தாதே. தங்கியவரிடம் வேறு படம் கேள்.